சிடிசி 5.19 லட்சம், முதல் வருடம் கையிலிருந்து போவது 8.76 லட்சம்

கோவையில் இயந்திர வடிவமைப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. இருபத்து சொச்சம் பேர். இயந்திரம் கட்டுபவர்கள் ஐடியா சொல்வார்கள், நாங்கள் முப்பரிமாண மாடல், பாகங்களின் வரைபடம், பொருள் பட்டியல் எல்லாம் போட்டுக் கொடுப்போம். ஒவ்வொரு வருடமும் மார்ச்சில் "இன்னும் ஒரு ஆள் போடலாமா?" என்ற பேச்சு வரும். உடனே யாராவது கால்குலேட்டரில் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டுவார்கள். அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதைத்தான் ஒரு ஆளை வைத்து முழுசாக எழுதப் போகிறேன். இங்குள்ள விலைகள் எங்கள் அளவு அலுவலகத்துக்கு வரும் கொட்டேஷன்களை ஒட்டியவை, உங்களுக்கு மாறும். கணக்கின் அமைப்பு மாறாது.

ஆள்: மூன்று வருட அனுபவமுள்ள டிசைன் இன்ஜினியர். மாதச் சம்பளம் 40,000. அதில் அடிப்படை 20,000, வீட்டு வாடகைப் படி 10,000, சிறப்புப் படி 10,000.

முதலில் ஆஃபர் லெட்டரில் என்ன போகும் என்று பார்த்துவிடலாம். சம்பளம் வருடத்துக்கு 4,80,000. பி.எஃப்.-இல் நம் பங்கு 12 சதவீதம், அதை 15,000 உச்சவரம்பின் மேல் கட்டினால் மாதம் 1,800, வருடம் 21,600. அப்புறம் கிராஜுவிட்டி. ஒவ்வொரு வருட வேலைக்கும் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு. முன்பெல்லாம் இதை அடிப்படைச் சம்பளத்தின் மேல் போட்டு 11,500 சொச்சம் என்று எழுதி முடித்துவிடுவோம். 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் 'ஊதியம்' என்பதன் வரையறை அகலமாகிவிட்டது. வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்ற சிலவற்றைத்தான் கழிக்கலாம், அவையும் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கழிக்கக்கூடிய பட்டியலில் 'சிறப்புப் படி' இல்லை, அதனால் எங்கள் ஆளுக்கு ஊதியம் 20,000 அல்ல, 30,000. கிராஜுவிட்டி வருடத்துக்கு 17,300. பழைய எக்செல் ஷீட்டையே வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது ஆடிட்டரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆக சிடிசி 5,18,900. வேலைக்கு வருகிறவரும் இதைத்தான் நண்பர்களிடம் சொல்வார், நாமும் பேச்சில் இதைத்தான் சொல்கிறோம். பெயர் என்னவோ 'நிறுவனத்துக்கு ஆகும் செலவு', ஆனால் அவர் உட்காரும் நாற்காலி அதில் இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அது நல்ல எண், பட்ஜெட்டுக்கு உதவாது.

பட்ஜெட்டுக்கு நான் பணத்தை மூன்றாகப் பிரிக்கிறேன். வருடா வருடம் திரும்பி வருவது, ஒரே தடவை போவது, இப்போது கையை விட்டுப் போகாமல் பின்னால் போகப் போவது. மூன்றாவதில் பெரிதாக இருப்பது கிராஜுவிட்டிதான். ஐந்து வருடம் முடிப்பதற்குள் அவர் போய்விட்டால் பெரும்பாலும் கொடுக்க வேண்டி வராது, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடத்திலேயே உரிமை வந்துவிடும். எப்படியிருந்தாலும் நான் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன், ஏனென்றால் பதினொரு வருடம் இருந்த ஒருவர் கிளம்பும் மாதத்தில் அந்தத் தொகை மொத்தமாக வந்து நிற்கும், அதுவும் அவருடைய கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டு.

வருடா வருடம் வருவதைப் பார்ப்போம். சம்பளம் 4,80,000. பி.எஃப்.-இல் நம் பங்கோடு, ஆஃபர் லெட்டரில் பலரும் விட்டுவிடும் இரண்டு அரை சதவீதங்கள் இருக்கின்றன. ஒன்று இ.டி.எல்.ஐ. காப்பீட்டுக்கு, இன்னொன்று நிர்வாகக் கட்டணம். இரண்டுமாக மாதம் 150. சேர்த்தால் பி.எஃப். செலவு வருடம் 23,400. தீபாவளிக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம், 20,000. சட்டப்படி இந்தச் சம்பளக்காரருக்கு போனஸ் கட்டாயமா என்று கேட்டால் விவாதிக்கலாம், ஆனால் பக்கத்து டேபிளில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு இவருக்கு இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை, இந்த ஊரில் யாருக்கும் இருக்காது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்பதால் இவர் அதற்குள் வரமாட்டார், எனவே குழு மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடுமாக 11,000. மின்னஞ்சல், ஆபீஸ் மென்பொருள், பேக்கப் எல்லாம் சேர்த்து 10,000. டீ, காபி, பிஸ்கட், எப்போதாவது ராத்திரி வேலை பார்த்தால் பரோட்டா, இன்னொரு 10,000. சிரிக்காதீர்கள், ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் என்று வைத்தாலே அவ்வளவு வந்துவிடுகிறது.

இதுவரை யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. எங்கள் தொழிலில் பெரிய அடி வருவது மென்பொருளில்தான். முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் ஆண்டுச் சந்தா, ஒரு ஆளுக்கு, வரி நீங்கலாக 1,30,000 என்று விற்பனையாளர் கொட்டேஷன் தந்தார். கிட்டத்தட்ட மூன்றே கால் மாதச் சம்பளம். அதையும் மாதா மாதம் இல்லை, ஒரே தடவையில் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். சந்தாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளின் பேரிலோ அவருடைய கணினியின் பேரிலோ பூட்டியது. இன்னொன்று நெட்வொர்க் லைசென்ஸ், பத்து பேர் வைத்திருந்தாலும் ஒரே நேரத்தில் திறக்கிறவர்களின் எண்ணிக்கைக்குத்தான் பணம். இரண்டாவது வகை உங்களிடம் இருந்தால், புது ஆளுக்கு என்று ஒன்று வாங்குவதற்கு முன் லைசென்ஸ் சர்வரின் பதிவேட்டைத் திறந்து, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை யாருக்காவது லைசென்ஸ் கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டது என்று பாருங்கள். ஒரு தடவைகூட இல்லை என்றால் ஏற்கெனவே சும்மா இருக்கிற ஒன்று உங்களிடம் இருக்கலாம். தினமும் காலை பதினொரு மணிக்கு மறுக்கப்படுகிறது என்றால், புது ஆள் வராவிட்டாலும் ஒன்று வாங்கத்தான் வேண்டும், அதன் செலவை முழுக்க இவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. எங்களுடையது ஆள் பேரில் பூட்டிய வகை, ஆகவே முழு 1,30,000 இந்தக் கணக்கில் வருகிறது.

கூட்டினால் வருடா வருடம் வரும் செலவு 6,84,400. கிராஜுவிட்டி ஒதுக்கீட்டைச் சேர்த்தால் 7,01,700.

வாடகையைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். பலர் மொத்த வாடகையையும் கரண்ட் பில்லையும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று புது ஆளின் மேல் போடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு விலை நிர்ணயிக்கும்போது அப்படி வகுப்பது சரி. ஆள் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது அது தப்பான எண்ணைத் தரும். ஒரு மேசை காலியாக இருக்கிறது என்றால் இவர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை அதேதான், ஏ.சி. அதேதான். ஆனால் கடைசி மேசையும் நிரம்பிவிட்டது என்றால் அடுத்த ஆளுக்காகப் பக்கத்து அறையை எடுக்க வேண்டும், அட்வான்ஸ், வயரிங், இன்னொரு ஏ.சி. என்று லட்சங்கள் போகும், அது முழுவதும் அந்த ஒருவரால் வந்த செலவு. எனவே சராசரி பார்க்க வேண்டாம், காலி மேசைகளை எண்ணினால் போதும்.

சரி, ஒரே தடவை போகும் பணம். கிராஃபிக்ஸ் கார்டோடு வொர்க்ஸ்டேஷன் 1,10,000, மானிட்டர் 14,000, யு.பி.எஸ்., மேசை, நாற்காலி சேர்த்து 21,000. எல்லாம் வரி நீங்கலாக 1,45,000. ஆள் பிடித்துத் தந்த கன்சல்டன்சிக்கு சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கு, 43,200. முந்தைய வேலை பற்றிய சரிபார்ப்பு, தேர்வு முதலிய சில்லறைக்கு 3,000. மொத்தம் 1,91,200.

ஆக முதல் வருடம் கையிலிருந்து போகும் பணம் 8,75,600. சிடிசியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 1.7 மடங்கு.

ஆனால் கையிலிருந்து போவது வேறு, அந்த வருடத்தின் செலவு வேறு. வொர்க்ஸ்டேஷனை நான்கு வருடம் ஓட்டுவோம், மேசை நாற்காலி ஏழு வருடம் வரும், எனவே கருவிகளுக்கு வருடத்துக்கு 34,000 என்று போடுகிறேன். (வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம், அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. அது வரிக்கான கணக்கு, இதோடு குழப்ப வேண்டாம்.) அப்படியென்றால் கன்சல்டன்சி கட்டணத்தையும் மூன்று நான்கு வருடத்துக்குப் பரப்பலாமே என்று எங்கள் கணக்காளர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் போனாலும் கணினி இருக்கும், அடுத்தவர் அதிலேயே உட்காருவார். கட்டணம் ஆளோடு போய்விடும். இந்த வயதில், இந்தத் துறையில் ஒருவர் இரண்டு வருடம் இருப்பார் என்று நம்பிப் பரப்புவது எனக்குத் துணிச்சலாகத் தெரிகிறது, எனவே முழுதும் முதல் வருடத்திலேயே எழுதிவிடுகிறேன். 7,01,700, கருவிகள் 34,000, ஆள் சேர்ப்பு 46,200. முதல் வருடச் செலவு 7,81,900.

இப்போது இதை மணிக்கணக்கில் மாற்றினால்தான் விஷயம் புரியும், ஏனென்றால் நாங்கள் விற்பது மணிநேரத்தை. 365 நாளில் ஞாயிறு 52, இரண்டாம் நான்காம் சனி 24, தமிழ்நாட்டில் கட்டாயம் விட வேண்டிய தேசிய, பண்டிகை விடுமுறை 9, அவர் எடுக்கும் விடுப்பு ஒரு 20. மிச்சம் 260 நாள். ஒரு நாளில் வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடிய வேலை ஆறு மணி நேரம், மீட்டிங்கும் திருத்தமும் மிச்சத்தைத் தின்றுவிடும். 1,560 மணி. முதல் வருடத்தில் எங்கள் வரைபட முறை, பாக எண் வைக்கும் விதம், வாடிக்கையாளர்களின் தரநிலை எல்லாம் பிடிபட ஏறக்குறைய இரண்டு மாத வேலை போகும் என்று வைத்தால் 1,300 மணி.

7,81,900-ஐ 1,300-ஆல் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய். வெறும் சம்பளத்தை மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்திருந்தால் 192 ரூபாய் வந்திருக்கும். அந்த 192-ஐ மனதில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் 400 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறவர் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், உண்மையில் ஒவ்வொரு மணிக்கும் 200 ரூபாய் இழக்கிறார். இதிலும் மூத்த இன்ஜினியர் இவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இல்லை. முதல் மாதம் தினம் இரண்டு மணி, அடுத்த இரண்டு மாதம் தினம் ஒரு மணி என்றால் ஏறக்குறைய நூறு மணி. அதைப் பணமாக்கிக் கூட்டுவதில்லை, அவர் சம்பளம் எப்படியும் போகிறது. ஆனால் அந்த நூறு மணியை மூத்தவரின் பில்லிங் இலக்கிலிருந்து கழித்துவிடுவேன். கழிக்காவிட்டால் மார்ச்சில் அவர் ஏன் இலக்கை எட்டவில்லை என்று அவரிடமே கேட்கும் அசிங்கம் நடக்கும்.

இரண்டாம் வருடம் இந்த எண் இறங்கும். பத்து சதவீதம் சம்பள உயர்வு கொடுத்தாலும் செலவு 7.85 லட்சம்போல்தான், மணி 1,560, ஆக மணிக்கு 500 பக்கம். ஆள் எடுப்பதில் லாபம் இரண்டாம் வருடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்படியானால் கல்லூரி முடித்த புதியவரை 20,000-க்கு எடுத்தால் என்ன? நல்ல கேள்வி, எல்லோரும் கேட்பது. சம்பளம் பாதி, ஆனால் சந்தா அதே 1,30,000, வொர்க்ஸ்டேஷன் அதே, டீ அதே. ஊதியம் 15,000-க்கு வந்துவிட்டால் பி.எஃப்.பும் அதே. மருத்துவக் காப்பீட்டுக்குப் பதில் இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். கன்சல்டன்சி கட்டணம் மட்டும் மிச்சம், கல்லூரிக்குப் போய் எடுக்கும் செலவு 5,000. எல்லாம் சேர்த்து வருடம் 4.8 லட்சம் வருகிறது. முதல் ஆறு மாதம் அவரால் தனியாக ஒரு வரைபடத்தை வெளியே அனுப்ப முடியாது, மிச்ச ஆறு மாதத்தில் பில் போடக்கூடியது 700 மணி இருக்கலாம். மணிக்கு 680 ரூபாய்! மாதச் சம்பளம் பாதியாக இருந்தும் மணிக்கணக்கில் அனுபவசாலியைவிட அதிகம். கருவியும் மென்பொருளும் விலை உயர்ந்த தொழில்களில் மலிவான சம்பளம் பெரிய மிச்சத்தைத் தராது. புதியவர்களை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, நாங்களும் எடுக்கிறோம், இரண்டாம் வருடம் அவர்கள் கணக்கு அழகாக இருக்கும். அந்த இரண்டாம் வருடம் வரை அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சிக்கல். இன்னொன்று, சம்பள உயர்வில் 21,000-ஐத் தாண்டினால் நடப்பு பங்களிப்புக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ.-யை விட்டு வெளியே வந்துவிடுவார். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. இ.எஸ்.ஐ. சிகிச்சை உரிமை தீர்வதற்கு முன் குழுக் காப்பீட்டில் பெயர் சேர்க்காவிட்டால் அவர் குடும்பம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

இனி பணம் எந்த மாதத்தில் போகிறது என்பது. 8,75,600-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 73,000 என்று கேஷ் ஃப்ளோவில் போட்டால் முதல் மாதமே கழுத்து நெரியும். கருவிகள் 1,45,000, சந்தா 1,30,000, ஆள் சேர்ப்பு 46,200. இவற்றில் கருவி, சந்தா, கன்சல்டன்சி மூன்றுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 57,300. அது உள்ளீட்டு வரியாகத் திரும்பி வரும் என்பது உண்மைதான், ஆனால் விற்றவர் தன் ரிட்டர்னைத் தாக்கல் செய்து நம் GSTR-2B-யில் தெரிந்தபின்தான். அதுவரை நம் பணம் வெளியே. கூட்டினால் சம்பளத்தைச் சேர்க்காமலே முதல் மூன்று மாதத்தில் 3,78,500 போய்விடுகிறது. அதன்மேல் மூன்று மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் 1,25,800. அவர் வேலையால் வரும் முதல் பில், இரண்டாம் மாதக் கடைசியில் போட்டாலும் வாடிக்கையாளர் பணம் தர இன்னும் அறுபது நாள். ஆக ஐந்து லட்சத்துக்கு மேல் வங்கியில் சும்மா இருக்க வேண்டும், ஓ.டி. கணக்கில் அல்ல, இருந்தால்தான் ஆள் தேடவே தொடங்குவோம்.

வாங்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு சேராமல் போகிறவர்கள் இந்தச் சந்தையில் சாதாரணம். நோட்டீஸ் பீரியட் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இருக்கிறது, அதற்குள் அந்த லெட்டரைக் காட்டி வேறு இடத்தில் கூடுதலாக வாங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் வொர்க்ஸ்டேஷன் ஆர்டர், பழைய நிறுவனம் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு கடைசி நாளைக் குறித்து அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தபின்தான். வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும், நேரம் சரியாக இருக்கும். சந்தாவை அவர் உள்ளே வந்து உட்கார்ந்த நாளன்றுதான் வாங்குகிறோம், முன்னாடியே வாங்கினால் வருடக் கணக்கு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும்.

கன்சல்டன்சி ஒப்பந்தத்தில் கட்டண சதவீதத்தைக் குறைக்கப் பேரம் பேசுவதைவிட, ஆள் போனால் என்ன என்ற வரியில் பேசுங்கள். பெரும்பாலும் 'தொண்ணூறு நாளுக்குள் போனால் மாற்று ஆள் தருவோம்' என்று இருக்கும். பணம் திரும்பாது, மாற்று ஆள் எத்தனை நாளில் என்றும் இருக்காது. எங்களுடையதில் மூன்று திருத்தம் கேட்டோம். கட்டணத்தில் பாதி சேர்ந்த முப்பதாம் நாள், மீதி தொண்ணூறாம் நாள். மாற்று ஆளை நாற்பத்தைந்து நாளில் தராவிட்டால் கட்டியது அடுத்த ஆளுக்கு வரவு. கட்டணம் சிடிசியில் கிராஜுவிட்டி ஒதுக்கீட்டைக் கழித்த மீதியின் மேல் மட்டும். கடைசியில் சொன்னதற்கு அவர்கள் ரொம்ப யோசித்தார்கள், ஏறக்குறைய 1,400 ரூபாய் விஷயம், ஆனால் முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார்கள்.

இவ்வளவும் மதிப்பீடுதான். எனவே ஆள் சேரும் நாளிலேயே கணக்காளர் டேலியில் அவர் பேரில் ஒரு காஸ்ட் சென்டர் திறந்துவிடுவார், நாற்காலி முதல் காப்பீடு வரை பன்னிரண்டு மாதம் எல்லாம் அதில் விழும். பக்கத்தில் டைம்ஷீட்டிலிருந்து மாதா மாதம் பில் போட்ட மணி. நான் பார்ப்பது நான்காம் மாதத்தின் மணி எண்ணை. அதுவரை ரூபாய் பக்கம் பெரிதாகத் தப்பாது, மணி பக்கம்தான் தப்பும். அந்த மாதத்தில் 130-க்குப் பதில் 70 என்றால், அவருக்கு வேலை தெரியவில்லையா, நாம் வேலை கொடுக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். வேலை கொடுக்கவில்லை என்றால் அது ஆர்டர் பிரச்சினை, அடுத்த மார்ச்சில் வரும் "இன்னும் ஒரு ஆள்" பேச்சுக்கு அந்த ஷீட்டையே எடுத்து மேசையில் போடுவேன்.